ரிலேயின் வளைவை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சென்ற வாரம் முதுகலை மாணவர் ஒருவரின் திட்ட அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தேன். 11 கிலோவோல்ட் ஃபீடர் ஒன்றின் மிகைமின்னோட்டப் பாதுகாப்பு பற்றியது. கணக்குகள் பிழையின்றி இருந்தன. டி.எம்.எஸ். மதிப்புகளை மூன்றாம் தசம இடம் வரை உகப்பாக்கியிருந்தார். எல்லா ரிலேக்களுக்கும் ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவையே கொடுத்திருந்தார். "ஏன் இந்த வளைவு?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "மென்பொருளில் அதுதான் முதலில் இருந்தது, அண்ணா" என்றார்.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. என் முதல் ஆய்வுக் கட்டுரையிலும் அதே வளைவுதான் இருந்தது. காரணமும் ஏறத்தாழ அதுவேதான். ரிலே ஒருங்கிணைப்பு குறித்து வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வளைவை முன்கூட்டியே நிலைநிறுத்திவிட்டு, டி.எம்.எஸ்., பிக்கப் ஆகிய இரண்டை மட்டுமே தேடுகின்றன. தேடும் வழிமுறை ஆண்டுதோறும் புதிதாகிறது. வளைவு மட்டும் மாறுவதில்லை. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து. முதலில் தீர்மானிக்க வேண்டியது வளைவின் வடிவம். டி.எம்.எஸ். அதற்குப் பின்னரே வரவேண்டும். ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்க முயல்கிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

வசதிக்காக ஸ்டாண்டர்ட் இன்வர்ஸை "இயல்பு வளைவு" என்றும், எக்ஸ்ட்ரீம்லி இன்வர்ஸைத் "தீவிர வளைவு" என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். ஐ.இ.சி. தரநிலை தரும் சமன்பாடுகள் இவை. முதலாவது இயல்பு வளைவு. இரண்டாவது தீவிர வளைவு.

```
t = TMS × 0.14 / (M^0.02 − 1)
t = TMS × 80 / (M^2 − 1)
```

இதில் M என்பது பழுது மின்னோட்டம் பிக்கப் மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது. முதல் சமன்பாட்டில் உள்ள 0.02 என்னும் அடுக்கு பலருக்குப் புதிராகத் தோன்றும். அடுக்கு இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, M^0.02 − 1 என்பது ஏறத்தாழ 0.02 × ln M ஆகிவிடும். ஆகவே இயல்பு வளைவின் நேரம் ஏறத்தாழ 7 × TMS / ln M. அதாவது, இயல்பு வளைவு உண்மையில் ஒரு மடக்கை வளைவு. மின்னோட்டம் 10 மடங்கிலிருந்து 20 மடங்காக இரட்டித்தாலும், டி.எம்.எஸ். 1 எனில், நேரம் 2.97 விநாடியிலிருந்து 2.27 விநாடியாக மட்டுமே குறைகிறது. தீவிர வளைவில் அதே இரட்டிப்பு 0.81 விநாடியை 0.20 விநாடியாக்கிவிடும், நேரம் நான்கில் ஒரு பங்காகிறது.

இந்த நான்கில் ஒரு பங்குதான் தீவிர வளைவின் பொருளை உணர்த்துகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கடத்தியில் சேரும் வெப்பத்தின் அளவு. தீவிர வளைவில் அந்தப் பெருக்கற்பலன் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. ஃபியூஸ் என்னும் உருகியும் விரைவான பழுதுகளில் அப்படித்தான் நடந்துகொள்கிறது: குறிப்பிட்ட அளவு வெப்பம் சேர்ந்ததும் உருகுகிறது. மின்கம்பியின் தாங்குதிறனும் அந்த விதிக்கே உட்பட்டது. எனவே தீவிர வளைவு வெப்பத்தின் மொழியில் பேசுகிறது. இயல்பு வளைவு அந்த மொழியில் பேசுவதில்லை. ஒரு மடக்கை வளைவுக்கும் கம்பி சூடேறுவதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

அப்படியானால் இயல்பு வளைவு எங்கும் பரவியது எப்படி? மின்காந்த ரிலேக்களின் காலத்தில் வளைவு என்பது கருவியின் உடலிலேயே பொதிந்திருந்தது. தூண்டல் வட்டின் மின்காந்த உள்ளகம் எப்போது செறிவடைகிறது என்பதே வடிவத்தைத் தீர்மானித்தது. நம் ஆய்வகங்களில் இன்றும் காணக்கிடைக்கும் சி.டி.ஜி. வகை ரிலேக்களில், இயல்பு வளைவு வேண்டுமெனில் சி.டி.ஜி. 11, தீவிர வளைவு வேண்டுமெனில் சி.டி.ஜி. 14. வளைவை மாற்றுவதென்றால் ரிலேயையே மாற்றவேண்டும். பொதுப் பயனுக்கு ஒன்றைத் தேர்ந்து எங்கும் பொருத்தியது அன்று நியாயமானது. இன்றைய எண்ணியல் ரிலேயில் வளைவு என்பது பட்டியலில் ஒரு வரி. கட்டாயம் நீங்கிவிட்டது, பழக்கம் நீங்கவில்லை.

இனி எடுத்துக்காட்டு. இந்தியாவின் எந்த மாநிலத்திலும் காணக்கூடிய ஒரு 33/11 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மின்மாற்றி 10 எம்.வி.ஏ., மின்மறுப்பு 10 விழுக்காடு. 33 கிலோவோல்ட் பக்கத்தின் பழுது அளவு 500 எம்.வி.ஏ. எனக் கொண்டால், 11 கிலோவோல்ட் பஸ்ஸில் பழுது மின்னோட்டம் ஏறத்தாழ 4400 ஆம்பியர். அங்கிருந்து ராபிட் கம்பியில் ஒரு ஃபீடர் புறப்பட்டு 10 கி.மீ. செல்கிறது. அதன் கடைசியில் மூன்று பேஸ் பழுது மின்னோட்டம் ஏறத்தாழ 800 ஆம்பியராகக் குறைந்துவிடுகிறது. வழியில் ஒரு கிளை பிரிகிறது. பிரியும் இடத்தில் 2000 ஆம்பியர், கிளையின் முனையில் 800 ஆம்பியர். கிளையின் தொடக்கத்தில் ஓர் உருகி. கணக்கை எளிதாக்க, அது முழுதும் துண்டிக்க 8 லட்சம் ஆம்பியர்²-விநாடி தேவை என வைத்துக்கொள்வோம். ஃபீடர் ரிலேயின் பிக்கப் 300 ஆம்பியர்.

கிளையில் பழுது ஏற்பட்டால் உருகி முதலில் போகவேண்டும், ரிலே காத்திருக்கவேண்டும். இல்லையேல் ஒரு கிளையின் பழுதுக்கு முழு ஃபீடரும் இருளும். எவ்வளவு காத்திருக்கவேண்டும்? நடைமுறையில் வழங்கும் விதி: உருகி எடுக்கும் நேரத்தில் 40 விழுக்காடும், அதன்மேல் 0.15 விநாடியும் இடைவெளி விடவேண்டும். 800 ஆம்பியரில் உருகிக்கு 1.25 விநாடி ஆகும். எனவே ரிலே 1.9 விநாடிக்கு முன் இயங்கக்கூடாது. 2000 ஆம்பியரில் உருகிக்கு 0.2 விநாடி, ரிலேக்கு 0.43 விநாடி.

இயல்பு வளைவில் இந்த நிபந்தனை கிளையின் முனையில்தான் இறுக்குகிறது. 800 ஆம்பியரில் 1.9 விநாடி வரவேண்டுமெனில் டி.எம்.எஸ். 0.27 ஆகவேண்டும். தீவிர வளைவில் அது கிளையின் தொடக்கத்தில் இறுக்குகிறது. 2000 ஆம்பியரில் 0.43 விநாடி வர டி.எம்.எஸ். 0.24 போதும். இரண்டு அமைப்புகளும் உருகியோடு சரியாக ஒத்துழைக்கின்றன. அந்த அளவில் இரண்டும் சமம். ஆனால் உருகிக்கு அப்பாற்பட்ட இடங்களில் அவை என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

துணைமின் நிலையத்திற்கு அருகே, 4400 ஆம்பியர் பாயும் பழுதில், இயல்பு வளைவு 0.69 விநாடி எடுக்கிறது. தீவிர வளைவு 0.09 விநாடி. பிரேக்கர் திறக்கும் நேரம் இரண்டுக்கும் பொது என்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஏறத்தாழ 1200 ஆம்பியரில் இரண்டும் சந்திக்கின்றன. அதற்குக் கீழே நிலைமை மாறுகிறது: 800 ஆம்பியரில் இயல்பு வளைவுக்கு 1.9 விநாடி, தீவிர வளைவுக்கு 3.1 விநாடி.

இதை வெப்பத்தின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். தீவிர வளைவில் ஃபீடரின் தொடக்கத்தில் சேரும் அளவு சுமார் 17 லட்சம் ஆம்பியர்²-விநாடி. கடைசியில் 20 லட்சம். பழுது எங்கே நேர்ந்தாலும் கம்பி ஏறத்தாழ ஒரே அளவு சூட்டையே பெறுகிறது. இயல்பு வளைவில் கடைசியில் 12 லட்சம், தொடக்கத்தில் 1.33 கோடி. ராபிட் கம்பியின் அலுமினியப் பரப்பு ஏறத்தாழ 53 சதுர மி.மீ. 75 டிகிரியிலிருந்து 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற அனுமதித்தால், அது தாங்குவது ஏறத்தாழ 2.1 கோடி. ஒரு பழுதுக்கு இயல்பு வளைவு போதும் என்றே தோன்றும். ஆனால் அந்த ஃபீடரில் ஒருமுறை தானியங்கு மறுமூடல் இருந்து, பழுது நீங்காமலே பிரேக்கர் மீண்டும் மூடினால், சில விநாடிகளுக்குள் கம்பி குளிர வழியில்லை. 1.33 கோடி இரட்டித்து 2.6 கோடிக்கு மேல் போகிறது. கம்பி உடனே அறுந்துவிழும் என்று நான் சொல்லவில்லை. அலுமினியம் பதனிழந்து மென்மையாகும். தொய்வு கூடும். பிறகொரு காற்று நாளில் அது அறுந்தால் காற்றையே குற்றம் சொல்வோம்.

இங்கே அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் இடைமறிப்பார்: "அருகிலுள்ள பழுதுக்குத்தான் ஹைசெட் இருக்கிறதே, 2600 ஆம்பியருக்கு மேல் உடனடியாகத் துண்டித்துவிடும். பிறகு எந்த வளைவானால் என்ன?" இது நியாயமான எதிர்வாதம். ஹைசெட் நம்பகமாக இயங்குமெனில், இயல்பு வளைவில் கம்பிக்கு நேரும் உச்ச வெப்பம் 60 லட்சத்திற்குள் அடங்கிவிடும். என் முந்தைய பத்தியின் அச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் ஹைசெட் எல்லா ஃபீடர்களிலும் அப்படி அமைவதில்லை. நீண்ட மின்தடைக்குப் பின் ஃபீடரை மூடும்போது, அதில் தொங்கும் அத்தனை விநியோக மின்மாற்றிகளும் ஒரே கணத்தில் காந்தமாக்க மின்னோட்டத்தை இழுக்கும். அதில் ஹைசெட் ஓரிருமுறை தவறாக இயங்கிவிட்டால், அடுத்து நிகழ்வது அதன் அமைப்பை உயர்த்துவதோ முடக்குவதோதான். ஹைசெட்டை நம்பி வளைவைத் தேர்ந்தவர், அது முடக்கப்படும் நாளில் இந்த வளைவு மட்டுமே மிஞ்சும் என்பதை எண்ணிப்பார்த்திருக்கவேண்டும்.

மின்தடைக்குப் பிந்தைய மூடலில் இன்னொன்றும் உண்டு. பம்புசெட் மோட்டார்கள் ஒன்றாகத் தொடங்கும். குளிர்சாதனங்கள் யாவும் ஒரே வேளையில் ஓடும். ஃபீடர் சில விநாடிகளுக்கு 600 ஆம்பியர், அதாவது பிக்கப்பின் இரு மடங்கு, இழுப்பதாகக் கொள்வோம். இயல்பு வளைவு 2.7 விநாடியில் பிரேக்கரைத் திறந்துவிடும். தீவிர வளைவு 6.4 விநாடி பொறுத்திருக்கும். பழுதில்லாத மின்னோட்டத்தைப் பொறுத்துக்கொள்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

இதுவரை வாசித்தவர், எல்லாவற்றையும் தீவிர வளைவுக்கு மாற்றச் சொல்கிறேன் என்று எண்ணக்கூடும். இல்லை. 600 ஆம்பியரைப் பொறுத்துக்கொள்ளும் அதே பண்பு வேறோர் இடத்தில் குற்றமாகிவிடுகிறது. 33 கிலோவோல்ட் வரத்து பழுதாகி, நெடுந்தொலைவிலுள்ள மாற்று வழியில் ஊட்டப்படும் நாளை எண்ணுங்கள். ஃபீடர் முனையின் பழுது மின்னோட்டம் 500 ஆம்பியராக இறங்கிவிட்டது எனில், இயல்பு வளைவு 3.7 விநாடியில் துண்டிக்கும். தீவிர வளைவு ஏறத்தாழ 11 விநாடி எடுக்கும். கம்பியின் வெப்பக் கணக்கில் இதுவும் பாதுகாப்பானதே. 27 லட்சம்தான் ஆகிறது. ஆனால் அந்தக் கம்பியின் கீழே வயலில் நிற்பவருக்கு அந்த 11 விநாடி வேறு பொருளுடையது. வெப்பம் கம்பியின் அளவுகோல். மனிதரின் அளவுகோல் நேரம். தீவிர வளைவு முதலாவதை மட்டுமே அறியும்.

மின்னோட்டம் வலுக்குறைந்து வரக்கூடிய இடங்களில் இயல்பு வளைவே பொருந்தும் என்பதன் காரணம் இதுதான். அதன் மடக்கைத் தன்மை அங்கே நற்பண்பாகிறது: பழுது மின்னோட்டம் எதிர்பார்த்ததிலிருந்து விலகினாலும் நேரம் பெரிதாக விலகுவதில்லை. ஊட்டும் மூலம் அடிக்கடி மாறும் வலையமைப்பு, உற்பத்தி நிலையங்கள் சேர்வதும் விலகுவதுமாக உள்ள பகுதி ஆகியவை அதற்குரிய இடங்கள். நில்லப் பழுது ரிலேக்கும் இதுவே பொருந்தும். மண்ணின் ஈரமும் வில்லின் தடையும் அங்கே மின்னோட்டத்தைத் தீர்மானிப்பதால், நேரத்தை மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கட்டிவைப்பது விவேகமன்று. இயல்பு வளைவோ நிலைத்த நேரமோதான் அங்கு ஏற்றது. இன்வெர்ட்டர் மட்டுமே ஊட்டும் தனித்தீவு அமைப்பில் இரண்டு வளைவுகளுமே பயனற்றவை. பெயரளவு மின்னோட்டத்தைச் சற்றே மிஞ்சிய அளவை மட்டும் தரும் மூலத்திடம் மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு பொறியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தீவிர வளைவை ஃபீடருக்குக் கொடுத்துவிட்டு, மேலே மின்மாற்றியின் 11 கிலோவோல்ட் இன்கமர் ரிலேயை இயல்பு வளைவிலேயே விடுகிறோம். பிக்கப் 600 ஆம்பியர். நாம் கற்ற வழக்கப்படி, மிகப்பெரிய பழுது மின்னோட்டமான 4400 ஆம்பியரில் மட்டும் இடைவெளியைச் சரிபார்க்கிறோம். இன்கமருக்கு டி.எம்.எஸ். 0.15 கொடுத்தால் அங்கே 0.52 விநாடி, ஃபீடருக்கு 0.09. இடைவெளி தாராளம். ஆனால் 1000 ஆம்பியரில் பாருங்கள்: ஃபீடருக்கு 1.9 விநாடி, இன்கமருக்கு 2.04 விநாடி. இடைவெளி 0.14 விநாடியாகச் சுருங்கிவிட்டது. ஃபீடர் முனையில் ஒரு பழுது, முழுத் துணைமின் நிலையமும் இருளில். இரண்டு ரிலேக்களும் இயல்பு வளைவில் இருக்கும்போது உச்ச மின்னோட்டத்தில் மட்டும் சரிபார்ப்பது பெரும்பாலும் போதும். வடிவங்கள் கலந்துவிட்டால் போதாது. வளைவுகளை முழு நீளத்திற்கும் வரைந்து பார்க்கவேண்டும். இந்த எடுத்துக்காட்டில் இன்கமரின் டி.எம்.எஸ்.ஸை 0.17 ஆக்கினால் எங்கும் 0.4 விநாடிக்குக் குறையாத இடைவெளி கிடைக்கிறது.

அப்படிச் சரிசெய்தபின் கிடைக்கும் பலனையும் கவனியுங்கள். பஸ்ஸிலேயே பழுது நேர்ந்தால் இன்கமர் 0.6 விநாடிக்குள் இயங்குகிறது. ஃபீடருக்கு இயல்பு வளைவு கொடுத்து, ஹைசெட் இல்லாத நிலையில், 0.3 விநாடி இடைவெளி விட்டிருந்தால் அதே இன்கமர் 1 விநாடி எடுத்திருக்கும். சுவிட்ச்கியர் அறைக்குள் எரியும் ஒரு வில்லுக்கு அந்த 0.4 விநாடி சிறியதன்று. கீழே செலவிடும் ஒவ்வொரு கணமும் மேலே கடனாகச் சேர்கிறது.

ஆகவே, வளைவைத் தேரும் முன் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும் என்று கருதுகிறேன். இந்த ரிலேக்குக் கீழே இருப்பது உருகியா, இன்னொரு ரிலேயா? மிகக் குறைந்த பழுது மின்னோட்டம் பிக்கப்பின் எத்தனை மடங்கு? மேலே இருக்கும் ரிலே எந்த வடிவத்தில் இயங்குகிறது? கீழே உருகி இருந்து, மூலம் வலுவாகவும் நிலையாகவும் இருந்து, மடங்கு எப்போதும் நான்குக்கு மேல் நிற்குமெனில், தீவிர வளைவை மறுப்பதற்குக் காரணம் வேண்டும். மடங்கு இரண்டு, மூன்று என்று இறங்கக்கூடுமெனில், அதை ஏற்பதற்குக் காரணம் வேண்டும். என் எடுத்துக்காட்டின் ஃபீடர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது; முனையில் அதன் மடங்கு 2.7 மட்டுமே. நானாக இருந்தால் பேஸ் ரிலேக்குத் தீவிர வளைவைக் கொடுப்பேன், நிலப் பழுதுக்கு இயல்பு வளைவைக் கொடுப்பேன், மாற்று வழியில் ஊட்டப்படும்போது இயங்குவதற்கென்று ரிலேயின் இரண்டாம் அமைப்புத் தொகுதியில் இயல்பு வளைவை வைப்பேன். வேறொருவர் வேறு விதமாகத் தீர்மானிக்கலாம். அது தீர்மானமாக இருக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

வகுப்பறைக்கு ஒரு சிறு முன்மொழிவு. ரிலேக்குக் கீழே ரிலே என்ற கணக்கையே நாம் தேர்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அதில் இயல்பு வளைவின் குறை ஒருபோதும் வெளிப்படாது. ஒரே ஒரு கணக்கில் கீழே உருகியை வைத்து, அதே கணக்கை வலுவற்ற மூலத்தோடு மறுமுறை செய்யச் சொல்லுங்கள். முதல் பகுதியில் தீவிர வளைவு ஏன் தேவை என்பதையும், இரண்டாம் பகுதியில் அது எங்கே கைவிடும் என்பதையும் மாணவர் தம் கையாலேயே கண்டுகொள்வார்.

அந்த முதுகலை மாணவர் நேற்று மீண்டும் வந்தார். இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். "இதற்கு இடப்பக்கம் என்ன நடக்கும் என்று ஃபீடரின் கடைசி மின்மாற்றி வரை பார்க்கவேண்டும், அண்ணா" என்றார். அறிக்கையைத் திருத்த அவருக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

விநியோக ஃபீடர்களில் வளைவுகளைக் கலந்து அமைத்த அனுபவமுள்ளோர், குறிப்பாக என் முடிவோடு மாறுபடுவோர், கீழே எழுதுங்கள்.